ஒரே வரைபடம், இரண்டு எடைகள்: வாலாஜா அருகே ஒரு சிறு கொட்டகையின் டிரஸ் கணக்கு

வாலாஜாபேட்டைக்கு அருகே, நெல்லும் நிலக்கடலையும் மூட்டையாக அடுக்கி வைப்பதற்காக ஒரு விவசாயி 7.2 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கொட்டகை போட முடிவு செய்தார். செங்கல் தூண்களின் மேல் 4 மீட்டர் இடைவெளியில் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களாக நான்கு இரும்பு டிரஸ்கள், அவற்றின் மேல் குறுக்கே ஓடும் பர்லின், அதற்கு மேல் தகரக்கூரை என்பதே திட்டம். வரைபடத்தைப் பொறியாளர் ஒருவர் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த ஒரே வரைபடத்தைப் பார்த்து இரண்டு வெல்டிங் பட்டறைக்காரர்கள் விலை சொன்னார்கள். இருவரும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் சொன்னார்கள். இருவரின் கிலோ விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நான்கு டிரஸ்களின் மொத்த எடை முதலாமவர் கணக்கில் 767 கிலோ, இரண்டாமவர் கணக்கில் 1,101 கிலோ.

விவசாயி இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ராணிப்பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கு வரைபடமும் எடைக்கணக்கும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவித் தொழிற்சாலையையும் சிப்காட் பேட்டையையும் நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே ஏராளம். இரும்பு வேலையைக் கிலோ கணக்கில் பேசுவது இந்தப் பகுதியில் ஊறிப்போன வழக்கம். “ஒரே படம்தானே சார், யார் பொய் சொல்றாங்க?” என்று அவர் கேட்டார். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதைக் கண்டறிய எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது. அந்தக் கணக்கை முழுமையாக இங்கே எழுதுகிறேன்.

டிரஸின் வடிவம்

முதலில் நீளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரஸின் அகலம் 7.2 மீட்டர், நடு உயரம் 1.5 மீட்டர். பாதி அகலம் 3.6 மீட்டர் என்பதால், சாய்வான மேல் உறுப்பான ராஃப்டரின் நீளம் 3.6-க்கும் 1.5-க்கும் உரிய கர்ணம், அதாவது சரியாக 3.9 மீட்டர். பொறியாளர் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தது பட்டறைக்காரருக்குச் செய்த உதவி என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் பின்னங்கள் இல்லாத நீளங்களைத் தரையில் கோடு போட்டு டிரஸ் அடுக்குவது எளிது. ராஃப்டர் ஒவ்வொன்றும் 1.3 மீட்டராக மூன்று பகுதிகளாகவும், கீழ்க்கட்டு 1.2 மீட்டராக ஆறு பகுதிகளாகவும் பிரிகின்றன. செங்குத்துத் துண்டுகள் இரு பக்கமும் 0.5 மீட்டர், 1.0 மீட்டர், நடுவில் ஒன்று 1.5 மீட்டர். சாய்துண்டுகள் இரு பக்கமும் ஒவ்வொன்று 1.3 மீட்டர், ஒவ்வொன்று 1.562 மீட்டர்.

ராஃப்டரும் கீழ்க்கட்டும் முதுகோடு முதுகாக வைத்த இரட்டை ஆங்கிள், 50×50×6; அதாவது 50 மி.மீ. அகலமான இரு கால்களும் 6 மி.மீ. தடிமனும் உள்ள L வடிவ இரும்பு. சாய்துண்டுகள் ஒற்றை ஆங்கிள், அதே 50×50×6. செங்குத்துத் துண்டுகள் ஒற்றை ஆங்கிள் 40×40×5. உறுப்புகள் சேரும் முனைகளில் உள்ள கசெட் பிளேட் எல்லாம் 8 மில்லிமீட்டர். தூணின் மேல் உட்காரும் பேஸ் பிளேட் 12 மில்லிமீட்டர்.

அட்டவணையில் இருந்து என்ன எடுக்க வேண்டும்

இந்தியத் தரநிலைகள் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட எஸ்.பி. 6 கையேட்டின் முதல் பகுதியும், ஐ.எஸ். 808 என்ற தரநிலையும் ஒவ்வொரு ஆங்கிளுக்கும் ஒரு மீட்டர் எடையைத் தருகின்றன. 50×50×6 ஆங்கிளின் குறுக்குவெட்டுப் பரப்பு 5.68 சதுர செ.மீ., எடை மீட்டருக்கு 4.5 கிலோ. 40×40×5 ஆங்கிளின் பரப்பு 3.78 சதுர செ.மீ., எடை மீட்டருக்கு 3.0 கிலோ. இந்தக் கணக்கிற்குத் தேவையான ஆங்கிள் எண்கள் இவ்வளவுதான்.

அட்டவணை கையில் இல்லாதபோது பலர் இரண்டு கால்களின் அகலத்தையும் கூட்டித் தடிமனால் பெருக்குகிறார்கள். 50-ம் 50-ம் சேர்ந்து 100, அதை 6-ஆல் பெருக்கினால் 600 சதுர மி.மீ., அதாவது மீட்டருக்கு 4.71 கிலோ. இது தவறு, ஏனென்றால் இரு கால்களும் சேரும் மூலையின் 6×6 சதுரம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடுகிறது. சரியான சூத்திரம் இது:

```
A = t(2b − t) = 6 × (100 − 6) = 564 mm²
W = A × 0.00785 = 4.43 kg/m
```

அட்டவணையின் 568-க்கும் இந்த 564-க்கும் உள்ள சிறு வேறுபாடு, உருட்டாலையில் உள்மூலை வளைவாக நிரம்புவதாலும் கால்களின் நுனி சற்று உருண்டு போவதாலும் வருகிறது. 568-ஐ எடையாக மாற்றினால் 4.46 கிலோதான் கிடைக்கும். அட்டவணை அதை 4.5 என்று முழுமையாக்கித் தருகிறது. ஒரு மீட்டருக்கு 40 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இந்த வேலையில் 50×50×6 ஆங்கிள் 148.5 மீட்டர் போகிறது. அதனால் 6 கிலோ வருகிறது. இது பின்னால் தேவைப்படும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டுக்கு அட்டவணை கூடத் தேவையில்லை. இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதால், ஒரு சதுர மீட்டர் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ எடை இருக்கும். 8 மில்லிமீட்டருக்கு 62.8 கிலோ, 12 மில்லிமீட்டருக்கு 94.2 கிலோ.

மையக்கோட்டு நீளமும் வெட்டு நீளமும்

வரைபடத்தில் எழுதியுள்ள 1.3, 1.562 போன்ற எண்கள் மையக்கோட்டு நீளங்கள். ஆங்கிளை அந்த நீளத்துக்கு வெட்டினால் அது முனையில் போய் அடுத்த ஆங்கிளின் மேல் மோதும். 50×50×6 ஆங்கிளின் ஈர்ப்பு மையம் அதன் முதுகிலிருந்து 14.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, அட்டவணையில் இதுவும் உண்டு. கீழ்க்கட்டின் மையக்கோடு அங்கே ஓடுகிறது என்றால், நிற்கும் காலின் நுனி மையக்கோட்டிலிருந்து 35.5 மி.மீ. மேலே இருக்கும். அதற்கு மேல் வெல்டு விழுவதற்காக 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆகவே செங்குத்துத் துண்டு ஒவ்வொரு முனையிலும் சுமார் 60 மி.மீ. குறைவாக வெட்டப்படுகிறது. சாய்ந்து வரும் துண்டுக்கு அந்த இடைவெளியும் சாய்வாகவே கடக்கப்படுவதால் 75 மி.மீ. குறைத்தேன்.

ராஃப்டர் இதற்கு நேர்மாறு. மையக்கோட்டின்படி அது 3.9 மீட்டர், ஆனால் தூணைத் தாண்டி மழைநீர் விழ 0.3 மீட்டர் வெளியே நீள்வதால் வெட்டு நீளம் 4.2 மீட்டர். வரைபடத்தின் வலை போன்ற கோடுகளை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணில் இந்த நீட்டல் தப்பிவிடும். அது பக்கவாட்டுத் தோற்றத்தில் ஒரு மூலையில் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

ஒரு டிரஸுக்கு ராஃப்டர் 4.2 மீட்டரில் நான்கு, அதாவது 16.8 மீட்டர், 75.6 கிலோ. கீழ்க்கட்டு 7.2 மீட்டரில் இரண்டு, 14.4 மீட்டர், 64.8 கிலோ. சாய்துண்டுகள் குறைத்த பிறகு 1.15 மீட்டரில் இரண்டும் 1.412 மீட்டரில் இரண்டும் சேர்ந்து 5.124 மீட்டர், 23.1 கிலோ. செங்குத்துத் துண்டுகள் மையக்கோட்டில் 4.5 மீட்டர், குறைத்தபின் 3.9 மீட்டர், 11.7 கிலோ. இவை நான்கும் சேர்ந்து 175.2 கிலோ. இதோடு பர்லின் பிடிப்பதற்கான கிளீட் துண்டுகள், ஆங்கிள் 50×50×6-இல் 100 மி.மீ. நீளத்தில் எட்டு, 3.6 கிலோ.

முதல் பட்டறைக்காரரின் தாளில் இந்த 175.2-க்குப் பதிலாக 174.3 இருந்தது. ஒரு கிலோ கூட வேறுபாடு இல்லை என்று நான் முதலில் மகிழ்ந்தேன், ஆனால் வரிவரியாகப் பார்த்தபோது இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருந்தன. அவர் ராஃப்டரின் நீட்டலை விட்டுவிட்டதால் 5.4 கிலோ குறைந்திருந்தது. செங்குத்து, சாய்வுத் துண்டுகளை மையக்கோட்டு நீளத்திலேயே எடுத்ததால் 4.5 கிலோ கூடியிருந்தது. கூட்டுத்தொகை பொருந்துவதை வைத்து ஒரு எடைத்தாளைச் சரி என்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. இதே முறையில் நீட்டல் அதிகமுள்ள டிரஸ் ஒன்றை அவர் கணக்கிட்டிருந்தால் தவறு வெளியே தெரிந்திருக்கும்.

பிளேட்: முதல் தாளின் உண்மையான குறை

முதலாமவர் ஆங்கிள் எடையின்மேல் பத்து சதவீதத்தைப் பிளேட்டுக்கென்று சேர்த்திருந்தார். பெரிய டிரஸ்களில் செய்து பழகியவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் டிரஸ் சிறிதாகும்போது ஆங்கிளின் நீளம் குறைகிறதே தவிர, முனைகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் குறைவதில்லை. இந்த 7.2 மீட்டர் டிரஸில் பன்னிரண்டு முனைகள் இருக்கின்றன. வெல்டு விழ வேண்டிய நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முனையிலும் ஒரு குறைந்தபட்சத் தகடு வந்தே ஆக வேண்டும். ஆகவே பிளேட்டைத் தனியாகவே எண்ண வேண்டும்.

எண்ணினேன். தூண் மேல் உள்ள இரு முனைகளில் 350×200 மி.மீ., உச்சியில் 300×250, கீழ்க்கட்டின் நடுவில் 300×180, கீழ்க்கட்டு ஒட்டு வரும் இரு முனைகளில் 300×150, மற்ற ஆறு முனைகளில் 200×150. இவற்றின் மொத்தப் பரப்பு 0.539 சதுர மீட்டர், 62.8-ஆல் பெருக்கினால் 33.8 கிலோ. கீழ்க்கட்டு ஒட்டில் அடிக்காலுக்கு வரும் இரண்டு மூடு தகடுகள் 1.7 கிலோ. இரட்டை ஆங்கிள்கள் இரண்டும் பிரிந்து அசையாமல் இருக்க இடையிடையே வைக்கும் சிறு தகடுகள் பன்னிரண்டு, 2.6 கிலோ. இந்தக் கடைசி வகையைப் பல எடைத்தாள்களில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவை இல்லாமல் இரட்டை ஆங்கிள் ஒரே உறுப்பாக வேலை செய்யாது. பேஸ் பிளேட் 200×200×12 இரண்டு, 7.5 கிலோ.

ஆக ஒரு டிரஸின் கணக்கு இப்படி முடிந்தது:

| உறுப்பு | எடை, கிலோ |
|---|---|
| ராஃப்டர் | 75.6 |
| கீழ்க்கட்டு | 64.8 |
| சாய்துண்டுகள் | 23.1 |
| செங்குத்துத் துண்டுகள் | 11.7 |
| கிளீட் | 3.6 |
| கசெட் பிளேட் | 33.8 |
| மூடு தகடு, இடைத்தகடு | 4.3 |
| பேஸ் பிளேட் | 7.5 |
| மொத்தம் | 224.4 |

பிளேட் மட்டும் 45.6 கிலோ, அதாவது ஆங்கிள் எடையில் கால் பங்குக்குச் சற்று அதிகம். பத்து சதவீதம் என்று எடுத்தால் ஒரு டிரஸுக்கு 28 கிலோ குறைகிறது. நான்கு டிரஸ்களுக்கு என் கணக்கு 898 கிலோ. முதலாமவரின் 767-க்கும் இதற்கும் உள்ள 131 கிலோ இடைவெளியில் பெரும்பகுதி பிளேட்டிலேயே அடங்கிவிட்டது.

இந்த 224.4 நம்பத்தகுந்ததா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. சிறு டிரஸ்களின் சுய எடையை வடிவமைப்பின் தொடக்கத்தில் ஊகிக்கப் பாடநூல்கள் தரும் தோராயச் சூத்திரம், அகலத்தை மூன்றால் வகுத்து 5 கூட்டிப் பத்தால் பெருக்கச் சொல்கிறது; விடை ஒரு சதுர மீட்டருக்கு நியூட்டனில் வரும். 7.2 மீட்டருக்கு 74 நியூட்டன், அதாவது சுமார் 7.5 கிலோ. ஒரு டிரஸ் தாங்கும் பரப்பு 7.2×4, 28.8 சதுர மீட்டர் என்பதால் 217 கிலோ வருகிறது. என் எண்ணுக்கு இது மிக அருகில் இருக்கிறது. இந்தச் சூத்திரத்தை வைத்து விலை பேசக் கூடாது. ஆனால் ஒரு டிரஸ் 192 கிலோ என்று சொல்லும் தாளைக் கண்டு சந்தேகப்பட இது போதும்.

இரண்டாம் தாள்: ஆறு மீட்டர் லென்த்தின் கதை

இரண்டாமவர் கவனமானவர். பிளேட்டை ஒவ்வொன்றாக எண்ணி 183 கிலோ என்று எழுதியிருந்தார். அது என் கணக்கோடு ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் ஆங்கிளை அவர் கடையில் வாங்கும் கணக்கில் எழுதியிருந்தார். 50×50×6 ஆங்கிள் 6 மீட்டர் லென்த் 32, அதாவது 864 கிலோ. 40×40×5 மூன்று லென்த், 54 கிலோ. பிளேட்டைச் சேர்த்தால் 1,101. அவர் கையிலிருந்து பணம் கொடுத்து வாங்குவது இவ்வளவு இரும்புதான் என்பதால், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான எண்.

அப்படியானால் 32 லென்த் ஏன் தேவைப்பட்டது? கீழ்க்கட்டு 7.2 மீட்டர், லென்த் 6 மீட்டர், ஆகவே ஓர் ஒட்டு தவிர்க்க முடியாதது. அவர் ஒட்டை நடுவில் வைத்தார். நடுவில் ஒட்டினால் ஒவ்வொரு துண்டும் 3.6 மீட்டர். ஒரு லென்த்திலிருந்து ஒரு 3.6 மட்டும்தான் கிடைக்கும், மீதி 2.4 மீட்டர் நிற்கும். நான்கு டிரஸ்களுக்கும் பதினாறு 3.6 மீட்டர் துண்டுகள் என்றால் பதினாறு லென்த், பதினாறு 2.4 மீட்டர் மிச்சங்கள். சாய்துண்டுகளை அந்த மிச்சத்தில் எடுக்கலாமே என்றால், ராஃப்டர் வெட்டும்போது மிஞ்சும் 1.8 மீட்டர் துண்டுகளே சாய்துண்டுகளுக்குப் போதும். ஆகவே 2.4 மீட்டர் துண்டுகளுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

ஒட்டை நடுவிலிருந்து நகர்த்தி, 6.0 மீட்டரும் 1.2 மீட்டருமாகப் பிரித்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. 6 மீட்டர் துண்டு ஒரு முழு லென்த், வெட்டே கிடையாது. 1.2 மீட்டர் துண்டு, ராஃப்டரின் 1.8 மீட்டர் மிச்சத்திலிருந்து வருகிறது. பதினாறு ராஃப்டர் துண்டுகளுக்குப் பதினாறு லென்த்; அவற்றின் மிச்சங்களில் எட்டில் கீழ்க்கட்டின் 1.2 மீட்டரும், மற்ற எட்டில் 1.41 மீட்டர் சாய்துண்டும் கிடைக்கின்றன. கீழ்க்கட்டின் முழு லென்த் எட்டு. மீதமுள்ள 1.15 மீட்டர் சாய்துண்டுகள் எட்டுக்கு இரண்டு லென்த். மொத்தம் 26. கிளீட்கள் எல்லாம் 0.6 மீட்டர் மிச்சங்களிலேயே வந்துவிடுகின்றன. 32-க்கும் 26-க்கும் இடையே ஆறு லென்த், 162 கிலோ இரும்பு. டிரஸின் வலிமையில் எந்தக் குறையும் வைக்காமல், ஒரு கோட்டை நடுவிலிருந்து நகர்த்தியதால் மட்டும் மிஞ்சியது இது.

இதைப் பட்டறையில் தானாக முடிவு செய்துவிடக் கூடாது. முக்கோண டிரஸில் கீழ்க்கட்டின் இழுவிசை ஓரப் பகுதிகளில்தான் மிக அதிகம், நடுவில் குறைவு. ஒட்டை ஓரத்துக்குக் கொண்டுபோவது என்றால், விசை அதிகமுள்ள இடத்தில் ஒட்டு வைக்கிறோம் என்று பொருள். ஆகவே வரைபடம் போட்ட பொறியாளரிடம் கேட்டேன். அவர் இரண்டு நிபந்தனைகள் சொன்னார். ஒட்டு ஆங்கிளின் முழு வலிமைக்கும் ஈடாக இருக்க வேண்டும், அதற்காக அந்த முனையின் கசெட்டை 200-லிருந்து 300 மி.மீ.க்கு நீட்டி அடிக்காலில் மூடு தகடும் வைக்க வேண்டும். இரட்டை ஆங்கிளின் இரு ஒட்டுகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது. ஒன்று இடப்பக்க 1.2 மீட்டர் முனையில் என்றால் மற்றது வலப்பக்க முனையில். மேலே பிளேட் கணக்கில் நான் எழுதிய 300×150 தகடுகளும் மூடு தகடுகளும் இந்த நிபந்தனையால் வந்தவை.

கடையில் லென்த் சரியாக 6 மீட்டர் இருக்கும் என்று நம்பவும் கூடாது. ஒன்று 5.97 இருக்கும், மற்றொன்று 6.05 இருக்கும். கீழ்க்கட்டுக்கு எடுத்த எட்டையும் அளந்து, குறைந்தவற்றுக்கு 1.2 மீட்டர் துண்டை அதற்கேற்ப நீட்டி வெட்டச் சொன்னேன். ராஃப்டர் மிச்சம் 1.8 மீட்டர் என்பதால் அதற்கு இடம் இருந்தது.

எந்த எடைக்குப் பணம்

இப்போது இரண்டு எண்களுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. முதலாமவர் விடுபட்டவற்றோடு எண்ணினார். இரண்டாமவர் வெட்டு மிச்சத்தோடு எண்ணினார். விவசாயி இரண்டாமவரையே தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் பிளேட்டை எண்ணத் தெரிந்தவர் வேலையிலும் எதையும் விடமாட்டார் என்று அவர் கருதினார். என் கருத்தும் அதுவே.

கட்டிடத்தில் நிற்கும் இரும்புக்கு மட்டும் பணம், வெட்டு மிச்சம் பட்டறைக்காரருக்கே சொந்தம் என்று பேசி முடித்தார்கள். அட்டவணை எடைதான் அடிப்படை. கசெட்டின் வெட்டப்பட்ட மூலைகளைக் கழிப்பதில்லை. அதைச் சுற்றி வரையும் செவ்வகத்தின் அளவே எடுக்கப்படும். மத்தியப் பொதுப்பணித்துறையின் விவரக்குறிப்பும் கசெட்டை இப்படி முழுச் செவ்வகமாகவே அளக்கச் சொல்கிறது. வெல்டுக்குத் தனி எடை கிடையாது.

கசெட்டைச் செவ்வகமாக எடுப்பதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூண் முனைத் தகடு 350×200 என்றாலும், ராஃப்டரின் சாய்வுக்கேற்ப அதன் மேல்விளிம்பு வெட்டப்படுவதால் ஒரு பக்க உயரம் 54 மி.மீ., மறுபக்கம் 200 மி.மீ. கொண்ட சரிவகமாக அது முடிகிறது. இரண்டு சரிவகங்களைத் தலைகீழாகப் பக்கத்தில் வைத்தால் 350×254 மி.மீ. செவ்வகம் ஒன்றிலேயே இரண்டையும் ஒரே சாய்வெட்டில் எடுத்துவிடலாம். கட்டணம் இரண்டு 350×200-க்கு, தகடு செலவாவது ஒரு 350×254-க்கு. உச்சித் தகட்டின் இரு மூலைகளையும் சேர்த்தால் ஒரு டிரஸில் 3.8 கிலோ, நான்கில் 15 கிலோ. வெட்டும் கூலியும் வாயுச் செலவும் அதில் அடங்கிவிடுவதால் இதை நான் தடுக்கவில்லை. ஆனால் விவசாயிக்கு முன்கூட்டியே சொன்னேன்.

எடைமேடையில்

டிரஸ்கள் செய்து முடிந்து, சிவப்பு ஆக்சைடு அடித்து, லாரியில் ஏற்றி நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் நிறுத்தினார்கள். ஏற்றிய லாரிக்கும் வெறும் லாரிக்கும் உள்ள வேறுபாடு 860 கிலோ. கணக்கு 898. விவசாயி அன்று மாலையே தொலைபேசியில் கேட்டார்: “38 கிலோ எங்க போச்சு சார்?”

அந்த மேடை 10 கிலோ படிகளில்தான் எண் காட்டும். இரண்டு முறை நிறுத்தியதில் ஒவ்வொன்றிலும் 5 கிலோ வரை முன்பின் ஆகலாம் என்பதால், 860 என்பது 850 முதல் 870 வரை எதுவாகவும் இருக்கலாம். டிரஸ் ஒன்றை மட்டும் அங்கே நிறுத்தியிருந்தால் இந்தப் பிழை நூற்றுக்கு நாலைந்தாகி, ஒப்பீடே பயனற்றுப் போயிருக்கும். நான்கையும் சேர்த்து நிறுத்தியது நல்லதாயிற்று.

38-இல் 15 கிலோ, ஏற்கெனவே சொன்ன கசெட் மூலைகள். மீதி 23-க்குக் காரணம் தேடிப் பட்டறைக்குப் போனேன். மிஞ்சியிருந்த ஒரு துண்டிலிருந்து சரியாக ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டச் சொல்லி, கடையின் மின் தராசில் வைத்தேன். ஒன்று 4.31 கிலோ, மற்றொன்று 4.33 கிலோ. ஒரே லென்த்தில் வந்த இரண்டு துண்டுகளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதால், முடிந்த டிரஸ்களில் பல இடங்களில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் காலின் தடிமனை அளந்தேன். பெரும்பாலும் 5.8 மி.மீ. 6-க்குப் பதில் 5.8 என்றால் பரப்பு 568-லிருந்து சுமார் 550 சதுர மி.மீ.க்கு இறங்குகிறது, மீட்டர் எடை 4.32 கிலோ. தராசு சொன்னதும் அதையே.

அட்டவணை எண் 4.5-க்கும் இந்த 4.32-க்கும் உள்ள வேறுபாட்டில் 40 கிராம் அட்டவணையின் முழுமையாக்கம், மீதி உருட்டாலையின் மெல்லிய உருட்டல். 148.5 மீட்டருக்கு இரண்டும் சேர்ந்து 27 கிலோ. 898-இல் 15-ம் 27-ம் கழிந்தால் 856. வெல்டு உலோகமும் பெயிண்ட்டும் சேர்த்த சில கிலோவோடு எடைமேடையின் 860-க்கு அது ஒத்துவருகிறது. காணாமல் போன இரும்பு எதுவும் இல்லை. எந்தத் துண்டும் விடுபடவில்லை என்பதற்கு இதுவே ஆதாரமாகவும் ஆனது.

உருட்டும்போது தடிமனும் எடையும் சற்று முன்பின் ஆவதற்குத் தரநிலையிலேயே இடம் உண்டு என்பதால், 5.8-ஐ மோசடி என்று நான் சொல்லவில்லை. அதே சமயம் ஒரு மீட்டர் துண்டு 4.1 கிலோ நின்றால் தடிமன் 5.5 என்றும், 3.8 நின்றால் அது 6 அல்ல, 5 மி.மீ. ஆங்கிள் என்றும் அறிந்துகொள்ளலாம். 5 மி.மீ. ஆங்கிளின் அட்டவணை எடையே 3.8 கிலோதான். அந்த நிலை வந்திருந்தால் கணக்கைத் திருத்துவதோடு நிற்காமல், பொறியாளரிடம் திரும்பப் போக வேண்டியிருந்திருக்கும்.

பட்டறைக்காரர் அட்டவணை எடைக்குப் பணம் கேட்டார்; ஒப்பந்தமும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவரே ஆங்கிளை வாங்கிய கடையில் எடை போட்டு வாங்கியதாகச் சொன்னார். அதாவது 4.32-க்குப் பணம் கொடுத்து 4.5-க்குப் பணம் வாங்குகிறார். இதை அவரிடம் நேராகச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. 50×50×6 ஆங்கிளை மாதிரித் துண்டின் எடையிலும், மற்றவற்றை ஒப்புக்கொண்ட கணக்கிலும் எடுப்பது என்று முடிவானது. 27 கிலோ குறைந்து 871 கிலோவுக்குப் பணம் கைமாறியது.

அதன் பிறகு என் எடைத்தாளின் முதல் வரியில், ஆங்கிள் வாங்கியவுடன், வெட்டத் தொடங்கும் முன், வெவ்வேறு லென்த்களிலிருந்து மூன்று ஒரு மீட்டர் துண்டுகளை எடைபோட்டு எழுதும் கட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். வெட்டிய பிறகு எஞ்சியிருந்தது ஒரே லென்த்தின் துண்டுதான் என்பதாலேயே அன்று பெயிண்ட்டைச் சுரண்ட வேண்டியிருந்தது.